மார்ச் 31-இல் பாஸ் ஆகாத செக்குகள்: கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டியல் ஒன்றை வைத்துக் கேள்வி பதில்

ஏப்ரல் பிறந்தால் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கிற சின்னக் கம்பெனிகள். இப்போது இலைப் பணம் பெரும்பாலும் நேராக வங்கிக் கணக்குக்கே போய்விடுகிறது. ஆனாலும் வருடக் கடைசியில் ஏழெட்டு செக் பாஸ் ஆகாமல் நிற்கும். அந்த ஏழெட்டு செக்கைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

சார், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் நம்ம புக்கும் டேலி ஆயிடுச்சு. வித்தியாசம் ஒரு ரூபாய் கூட இல்லை. அப்புறம் எதுக்குப் பாஸ் ஆகாத செக் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கணும்?

டேலி ஆவது இந்தப் பட்டியலின் இயல்பு. நீங்கள் செக் எழுதிய அன்றே புத்தகத்தில் பணம் குறைகிறது. வங்கியில் பாஸ் ஆகாத வரை அந்த செக் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். செக் விவசாயி வீட்டு பீரோவில் இருந்தாலும், உங்கள் மேஜை டிராயரிலேயே இருந்தாலும், கிழிந்து போயிருந்தாலும் கூட்டல் கழித்தல் ஒரே மாதிரிதான் வரும். அதனால் வித்தியாசம் இல்லை என்றால் பதிவு எதுவும் விட்டுப்போகவில்லை என்று மட்டும்தான் பொருள். பணம் உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வரியிடமும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மார்ச் 31-க்குள் இந்த செக் நம் கையை விட்டுப் போனதா? போயிருந்தால், அன்று அது இன்னும் செல்லுபடியாகும் செக்தானா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மட்டும்தான் அது பட்டியலில் இருக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்தத் தொகை பட்டியலை விட்டு எழுந்து, யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்கள் கணக்கில் கடனாகத் திரும்பி நிற்க வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துச் சொல்லுங்கள்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். தொகைகளைப் புரிவதற்காக எளிதாக்கியிருக்கிறேன். மார்ச் 31 அன்று வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருப்பு ₹9,84,600. மார்ச் 30 மாலை கட்டிய ₹62,000 செக் ஒன்று இன்னும் வரவாகவில்லை. நாம் கொடுத்து பாஸ் ஆகாதவை என்று டேலி மென்பொருளில் வந்த ஏழு செக் இவை:

- ஜூன் 12, இலைப் பணம், விவசாயி ஒருவர்: ₹18,450
- செப்டம்பர் 9, ஸ்பேர் பார்ட்ஸ், கோயம்புத்தூர் வியாபாரி: ₹47,200
- அக்டோபர் 15, தீபாவளி போனஸ், வேலையை விட்டுப் போனவர்: ₹8,300
- பிப்ரவரி 18, விறகு: ₹36,000
- மார்ச் 27, லாரி வாடகை: ₹54,300
- மார்ச் 28, இலைப் பணம், இன்னொரு விவசாயி: ₹21,750
- மார்ச் 31, தேயிலைச் சாக்கு தயாரிக்கும் கம்பெனி: ₹2,40,000

கூட்டினால் ₹4,26,000. வங்கி இருப்போடு 62,000-ஐச் சேர்த்து 4,26,000-ஐக் கழித்தால் ₹6,20,600. புத்தகத்திலும் அதேதான். கணக்குப் பையன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

இப்போது கேள்வி கேட்டுப் பார்ப்போம். விறகு, லாரி வாடகை, மார்ச் 28 இலைப் பணம் மூன்றும் ஏப்ரல் முதல் எட்டு நாளில் பாஸ் ஆகிவிட்டன. விறகுக்காரர் செக்கை ஆறு வாரம் வைத்திருந்தது பார்க்க விசித்திரமாக இருக்கலாம். அவர் டவுனுக்கு வரும்போது நாலைந்து தொழிற்சாலை செக்குகளைச் சேர்த்துப் போடுகிறவர், போன வருடமும் அப்படித்தான் செய்தார். அதில் குறை இல்லை. மேலே உள்ள மூன்று பழைய செக்கும் காலாவதி. கடைசியில் உள்ள சாக்குக் கம்பெனி செக் ஏப்ரல் 17 வரை அலுவலக டிராயரில் இருந்தது.

ஆக, பட்டியலில் நிற்கத் தகுதியானவை மூன்று செக், ₹1,12,050. மீதி ₹3,13,950 புத்தகத்தில் வங்கி இருப்போடு திரும்பச் சேரும், கொடுக்க வேண்டியவர்கள் கணக்கிலும் அதே தொகை ஏறும். சரியான வங்கி இருப்பு ₹9,34,550. இதுவும் ஸ்டேட்மென்ட்டோடு ஒரு ரூபாய் பிசகாமல் டேலி ஆகிறது, கூட்டிப் பாருங்கள். முதல் விடையும் டேலி, இரண்டாவது விடையும் டேலி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் மூன்று லட்சத்துக்கு மேல் கடன் மறைந்து கிடந்தது.

மார்ச் 31-இல் எந்தத் தேதி செக் காலாவதி? ஆறு மாசம் என்று எங்கள் மேனேஜர் சொல்கிறார்.

அது பழைய கணக்கு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2012 ஏப்ரல் 1 முதல் செக்குக்கு மூன்று மாதம்தான், அதுவும் செக்கில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து. நீங்கள் கொடுத்த நாளையோ வவுச்சர் தேதியையோ பார்க்கக் கூடாது. டிசம்பர் 31 வரை தேதியிட்டவை எல்லாம் மார்ச் 31 முடியும்போது காலாவதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் தேதி செக் மட்டும் எல்லையில் நிற்கும். அது ஏப்ரலில் பாஸ் ஆனதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

டேலியில் வவுச்சர் தேதியும் செக் தேதியும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரப்போகிற தேதி போட்டு செக் கொடுக்கிற கம்பெனியில் வவுச்சர் தேதியை வைத்துப் பிரித்தால், செல்லுபடியாகும் செக்கையும் காலாவதி என்று ஒதுக்கிவிடுவீர்கள். செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தே பிரியுங்கள்.

மார்ச் 31 தேதி போட்டு செக் எழுதி, முதலாளி கையெழுத்தும் போட்டாச்சு. அனுப்பியது மட்டும் ஏப்ரலில். இதில் என்ன தப்பு?

செக்கில் கையெழுத்துப் போட்டதும் பணம் கொடுத்ததாகிவிடாது. அடுத்தவர் கைக்குப் போக வேண்டும், அல்லது அவருக்கென்று அனுப்பி நம் பிடியை விட்டுப் போயிருக்க வேண்டும். டிராயரில் இருக்கிற செக்கை அடுத்த நிமிடம் கிழித்துப் போட உங்களால் முடியும். கிழிக்க முடிகிற வரை அது உங்கள் பணம்தான்.

இந்த ஒரு விஷயத்தில்தான் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஏனென்றால் இது பெரும்பாலும் மறதியால் நடப்பதில்லை, ஒரு காரணத்துக்காக நடக்கிறது. சாக்குக் கம்பெனி சிறு தொழிலாகப் பதிவு செய்த உற்பத்தியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டால், பணம் உண்மையில் கொடுக்கிற வருடத்தில்தான் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியும். 1961-ஆம் வருடச் சட்டத்தில் இது 43பி பிரிவின் எச் உட்பிரிவு. 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறு. ஜனவரி பில்லுக்கு மார்ச் 31-க்குள் கொடுத்தால் இந்த வருடக் கழிவு, ஏப்ரலில் கொடுத்தால் அடுத்த வருடம். கையில் பணம் இல்லை, கழிவும் வேண்டும் என்றால் செக்கை மட்டும் எழுதி வைக்கத் தோன்றும். இப்படிப் பிறப்பதுதான் டிராயர் செக்.

உண்மையிலேயே மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. செக் கொடுத்த பிறகு அது பாஸ் ஆகிவிட்டால், கொடுத்த நாளிலேயே பணம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-இலேயே சொல்லிவிட்டது. அதனால் மார்ச் 27-இல் கொடுத்து ஏப்ரல் 2-இல் பாஸ் ஆன லாரி வாடகை மார்ச் செலுத்துகைதான். இந்தத் தீர்ப்பில் இரண்டு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள்: கொடுத்திருக்க வேண்டும், பாஸ் ஆகியிருக்க வேண்டும். டிராயர் செக் முதல் நிபந்தனையில் விழுகிறது. காலாவதி செக் இரண்டாவதில் விழுகிறது.

வங்கியில் கேஷ் கிரெடிட் வைத்திருக்கிற தொழிற்சாலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாதாமாதம் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் கூட்டி, கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடுகிறது. டிராயர் செக் ₹2,40,000 பாக்கியைக் குறைத்துக் காட்டும்போது வங்கிக்கும் தப்பான தகவல் போகிறது.

ஆடிட்டர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? செக்கில் தேதி மார்ச் 31 என்றுதானே இருக்கும்?

ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டைக் கேட்பார், அவ்வளவுதான். 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் தொடர் முறைக்கு மாறிவிட்டது. காலையில் போட்ட செக்குக்குப் பணம் கொடுக்கிற வங்கி அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 1 அன்று வங்கிகள் வருடக் கணக்கு முடிக்கப் பொதுமக்களுக்கு மூடியிருக்கும். அதையும் விடுமுறைகளையும் கழித்துவிட்டால், மார்ச் 31-இல் கைக்குப் போன பெரிய தொகை செக் ஏப்ரல் முதல் பத்து நாளில் பாஸ் ஆகியிருக்கும். இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான செக்கை எந்த வியாபாரியும் மூன்று வாரம் சட்டைப் பையில் வைத்திருக்க மாட்டார். ஏப்ரல் 22-இல் பாஸ் ஆகியிருந்தால் கூரியர் ரசீதைக் கேட்பார்கள். அதில் ஏப்ரல் 17 என்று இருக்கும்.

இன்னொரு அடையாளம் செக் எண். மார்ச் 31 தேதியிட்ட செக்குக்கு அடுத்த எண் செக் ஏப்ரல் 16 தேதியில் இருந்தால், இடையில் பதினைந்து நாள் ஒரு செக்கும் எழுதாமல் தொழிற்சாலை ஓடியதா என்று கேட்க வேண்டும். சில சமயம் உண்மையாகவே அப்படி ஓடியிருக்கலாம். கேட்காமல் விடக் கூடாது.

காலாவதி செக்குக்குப் பழைய பேமென்ட் வவுச்சரை டெலீட் பண்ணினால் தீர்ந்தது இல்லையா?

தீராது, பண்ணவும் கூடாது. ஜூன் 12-இல் செக் கொடுத்தது நிஜம். அந்த நிஜத்தை அழிக்கிற உரிமை நமக்கு இல்லை. தவிர, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும். முடிந்த மாத வவுச்சரை அழித்தது அந்தப் பதிவில் நிற்கும், ஆடிட்டரும் தன் அறிக்கையில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்ச் 31 தேதியில் புதிதாக ஒரு பதிவு போடுங்கள்: வங்கிக் கணக்கில் பற்று, அந்த விவசாயி அல்லது வியாபாரி கணக்கில் வரவு. விவரத்தில் பழைய செக் எண், தேதி, காலாவதி என்ற காரணம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு டேலியின் வங்கிச் சரிபார்ப்புத் திரையில் பழைய வவுச்சருக்கும் இந்தப் புதிய பதிவுக்கும் `Bank Date` பத்தியில் மார்ச் 31 என்றே கொடுங்கள். ஒன்றை ஒன்று சரிக்கட்டி இரண்டும் பட்டியலை விட்டுப் போய்விடும். ஒன்றுக்கு மட்டும் தேதி கொடுத்துவிட்டு இன்னொன்றை மறந்தால் அதே தொகைக்கு வித்தியாசம் வரும். ₹18,450 எங்கே என்று நாள் பூராவும் தேடாதீர்கள், முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

எல்லாக் காலாவதித் தொகையையும் ‘காலாவதி செக்’ என்று ஒரே கணக்கில் போட்டு வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஆளின் பெயர் அழிந்து தொகை மட்டும் மிஞ்சும். இரண்டு வருடம் கழித்து யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

இலைப் பணம் வாங்க வேண்டியவர் இறந்துவிட்டார். செக்கை மகன் கொண்டுவந்து பேர் மாற்றிக் கேட்கிறார். என்ன செய்வது?

நம் பட்டியலில் முதல் வரி, ஜூன் 12-ஆம் தேதி ₹18,450, இதே கதைதான். அப்பா பெயரில் செக். ஜூலையில் அப்பா தவறிவிட்டார். கணக்கில் போட அவர் இல்லை. மகன் செக்கைப் பத்திரமாக மடித்து, நிலப் பட்டாவோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மார்ச் மாதம் நாங்கள் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் ஹட்டியிலிருந்து பஸ் பிடித்துக் கொண்டுவந்தார். மடிப்பில் மை மங்கிப் போயிருந்தது. அதுவரைக்கும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நம் புத்தகம் ‘கொடுத்தாச்சு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதம் யாரும் தேடவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

செக் போனாலும் கடன் போகவில்லை. அப்பாவின் வாரிசுகளுக்கு அது சேர வேண்டும். மூத்த மகன் வந்தார் என்பதற்காக அவர் பெயருக்கு உடனே எழுதிக் கொடுக்காதீர்கள். வட்டாட்சியர் தருகிற வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அம்மாவும் தங்கைகளும் இருந்தால் அவர்களிடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு ஒருவர் கணக்குக்கு அனுப்பலாம், அல்லது பிரித்து அனுப்பலாம். பழைய செக்கைத் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு வவுச்சரோடு தைத்து வையுங்கள். சான்றிதழ் வருவதற்குள் வருடம் முடிந்துவிட்டால், மார்ச் 31-இல் அப்பா பெயரிலேயே கடனாக நிற்கட்டும்.

பழைய செக்கிலேயே தேதியை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

இப்போதைய செக்குகளில் பெயரையோ தொகையையோ திருத்தவே கூடாது. தேதியைப் புதுப்பிக்க மட்டும் அனுமதி உண்டு. இருந்தாலும் நான் புது செக்தான் கொடுக்கச் சொல்வேன், முடிந்தால் நேராகக் கணக்குக்கே அனுப்பச் சொல்வேன். பழையது தொலைந்துவிட்டது என்று சொன்னால் வங்கிக்கு நிறுத்தக் கடிதம் கொடுத்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

கோயம்புத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் செக்கை ரிவர்ஸ் பண்ணிட்டேன். வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா?

இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ₹47,200-இல் பொருள் விலை ₹40,000, ஜிஎஸ்டி ₹7,200. பில் வந்த மாதத்திலேயே ₹7,200-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்திருப்பீர்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வியாபாரிக்குப் பணம் போகாவிட்டால் அந்த வரியைத் திருப்பிவிட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதிகளில் 37-ஆவது விதி.

நம் பில் தேதி ஆகஸ்ட் 20. செப்டம்பர் 9-இல் செக் எழுதியாகிவிட்டது என்பதால் டேலியில் பாக்கிப் பட்டியலில் இந்த வியாபாரி பெயரே இல்லை. 180 நாள் தாண்டிய பில்களை எடுக்கும் அறிக்கையிலும் வரவில்லை. ஆனால் செக் பாஸ் ஆகவே இல்லை. 180-ஆவது நாள் பிப்ரவரி 16. அதற்கு அடுத்த வரி மாதத்தின், அதாவது மார்ச் மாதத்தின் ஜிஎஸ்டிஆர்-3பி-யில் ₹7,200-ஐத் திருப்ப வேண்டும். அந்த வரியை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் வட்டியும் உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு மார்ச் ரிட்டர்ன் கெடு ஏப்ரல் 20. பட்டியலை ஏப்ரல் முதல் வாரத்தில் பார்த்தால் நேரம் இருக்கிறது. மே மாதம் ஆடிட்டர் வந்து பார்த்தால் கெடு போயிருக்கும். பிறகு வியாபாரிக்குப் பணம் கொடுத்ததும் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அது நஷ்டமில்லை.

பச்சைத் தேயிலைக்கும் விறகுக்கும் ஜிஎஸ்டி இல்லை, அதனால் அந்த செக்குகளுக்கு இந்தக் கவலை இல்லை. சாக்கு, ஸ்பேர் பார்ட்ஸ், ரோலர் தீட்டுகிற கூலி, எலெக்ட்ரிகல் சாமான்கள் என்று வரி உள்ள பில்களுக்குக் கொடுத்த காலாவதி செக்குகளை மட்டும் பில் தேதியோடு தனியாக எழுதி வையுங்கள்.

அந்த வியாபாரி ஏன் செக்கைப் போடவில்லை என்று கேட்டீர்களா? செக் அவருக்குப் போகவே இல்லை. தபாலில் தொலைந்திருக்கிறது. அவர் அனுப்பிய கணக்கில் ₹47,200 பாக்கி என்று நவம்பரிலிருந்தே காட்டிக்கொண்டிருந்தார், நம் பக்கத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

யாரும் வந்து கேட்காத பழைய செக் தொகையை வருமானமாக எழுதிவிடலாமா? முதலாளி கேட்கிறார்.

உடனே எழுத முடியாது. செக் மூன்று மாதத்தில் காலாவதியாகிறது, கடன் அப்படி ஆவதில்லை. வழக்குப் போடக் காலவரம்பு பொதுவாக மூன்று வருடம். அதற்குள் நீங்கள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டறிக்கையில் கடனாகக் காட்டுவதையே ஒப்புதலாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. நீங்களாகவே ஒரு பதிவு போட்டுக் கடனை வருமானத்துக்கு மாற்றினால் வருமான வரியில் அது வருமானம்தான். இலையை விலைக்கு வாங்கும் தொழிற்சாலைக்கு முழுத் தொகைக்கும் வரி.

போனஸ் செக் வேறு வகை. ₹8,300 வாங்க வேண்டியவர் ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போனவர். கூலி, போனஸ், பணிக்கொடை மூன்று வருடம் கொடுக்கப்படாமல் கிடந்தால் அது கம்பெனிக்குச் சேராது. தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டம், 1972-இன்படி நல வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அதனால் தொழிலாளர் செக்கை ஒருபோதும் வருமானக் கணக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அவருடைய பழைய சம்பளக் கணக்கு எண் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் உதாரணத்தில் இருந்தது. செக் ஏன் எழுதினார்கள் என்று கேட்டால், போனஸ் எப்போதும் செக்கில்தான் கொடுப்பது வழக்கம் என்றார்கள். கணக்குக்கு அனுப்பினோம், இரண்டு நிமிட வேலை.

எங்கள் பட்டியலில் செக் எண்ணே இல்லாமல் ஒரு வரி இருக்கிறது. வருடா வருடம் வருகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனியில் இதே மாதிரி ‘பழைய செக்குகள்’ என்று ₹31,000-க்கு ஒரு வரி இருந்தது. எண் இல்லை, தேதி இல்லை, பெயர் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, நானும் இரண்டு வருடம் அப்படியே நகல் எடுத்தேன். மூன்றாவது வருடம் உட்கார்ந்து தேடினேன். அதில் செக்கே கிடையாது. ஒரு விற்பனை ரசீதை வங்கி வரவில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் பணம் அதிகமாக நின்றதால், வித்தியாசத்தை அடைக்க இல்லாத செக்கை எழுதியிருக்கிறார்கள். பாக்கி கட்டிவிட்ட அந்த வியாபாரியிடம் இரண்டு தடவை பாக்கி கேட்டுக் கடிதமும் போயிருந்தது. அந்தக் கடிதத்தில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

முழு ஆயிரமாக இருக்கிற வரி, எண் இல்லாத வரி, போன வருடத்திலிருந்து மாறாத வரி மூன்றும் சந்தேகத்துக்குரியவை. அடிக்கட்டையில் காட்ட முடியாத எதுவும் செக் இல்லை. ஸ்டேட்மென்ட் பக்கத்தில் அதே தொகைக்கு விளக்கமில்லாத வரவு இருக்கிறதா, அல்லது அதே செக் வேறு தொகைக்கு பாஸ் ஆகியிருக்கிறதா என்று தேடுங்கள். 4,530 ரூபாய் செக்கை புத்தகத்தில் 5,430 என்று எழுதியிருந்தாலும் 900 ரூபாய் இப்படித்தான் பட்டியலில் போய் ஒளிந்துகொள்ளும்.

காலாவதிப் பட்டியலை யாரிடம் வைக்க வேண்டும்? கணக்குப் பையனே வைத்தால் போதுமா?

செக் எழுதுகிறவரே காலாவதி செக்குகளையும் வைத்துக்கொண்டு, மாற்று செக்கும் எழுதுவதுதான் ஆபத்து. ‘பழையது காலாவதி, புதிது கொடுக்கிறேன்’ என்று சொல்லி வேறு பெயருக்கு எழுதினால் புத்தகத்தில் அடையாளமே தெரியாது. சின்னத் தொழிற்சாலையில் ஆள் குறைவு, எனக்குத் தெரியும். அதனால் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன்: மாற்று செக்கில் கையெழுத்துப் போடும் முன் முதலாளி பழைய செக்கையோ வங்கி நிறுத்தக் கடிதத்தையோ தன் கண்ணால் பார்க்க வேண்டும். முடிந்தால் பணம் வாங்க வேண்டியவருக்கு அவரே போன் பண்ணிக் கேட்க வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் செக் தபாலில் தொலைந்ததே அப்படி ஒரு போனில்தான் தெரிந்தது.

பட்டியலை எப்போது மூடலாம்?

ஏப்ரல் 10 அன்று ஒரு தடவை ஸ்டேட்மென்ட்டை இறக்கி, பாஸ் ஆன செக்குக்கு எதிரே தேதி எழுதுங்கள். பாஸ் ஆகாமல் நிற்பவருக்கு அன்றே போன் போடுங்கள். ஏப்ரல் 20-க்கு முன் ஜிஎஸ்டி விஷயத்தை முடித்துவிடுங்கள். மாதக் கடைசியில் இன்னொரு தடவை ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். அதன்பிறகும் நிற்கிற வரிக்கு எதிரே, யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நம் உதாரணத்தில் ஏப்ரல் 30 அன்று பட்டியலில் ஒரு செக்கும் இல்லை. பாக்கியாக நின்றது அந்த ₹18,450 மட்டும்தான். வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்த ரசீதின் நகலை மகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், அது கோப்பில் இருக்கிறது.